ஒரு வாடிக்கையாளர், ஒரே வரிசை

பணப்பை செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளரின் பணப்பையில் 80 ரூபாய் இருக்கிறது. மளிகைக் கடையில் நின்றபடியே வங்கிக் கணக்கிலிருந்து 500 ரூபாயை அதில் ஏற்றுகிறார். உடனே கடைக்காரருக்கு 450 ரூபாய் செலுத்துகிறார். 'போதிய இருப்பு இல்லை' என்று திரையில் வருகிறது. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் பணப்பையில் 580 ரூபாய் இருக்கிறது. பின்னணியில் எந்தக் கணினியும் பழுதாகவில்லை, எந்தச் செய்தியும் தொலைந்துபோகவில்லை. பணம் ஏற்றியது, பணம் செலுத்தியது என்ற இரண்டு நிகழ்வுகளும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. ஆனால் முதலில் நடந்தது இரண்டாவதாகப் படிக்கப்பட்டது.

இப்படி நிகழ்வுகளை ஒரு சேவையிலிருந்து இன்னொரு சேவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க உலகமெங்கும் பரவலாகப் பயன்படும் மென்பொருள் அப்பாச்சி காஃப்கா. லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், நேஹா நர்கேடே, ஜுன் ராவ் ஆகியோர் உருவாக்கி, 2011இல் திறமூல மென்பொருளாக வெளிவந்தது. காஃப்காவைப் பயன்படுத்தினாலே நிகழ்வுகள் வரிசையாக வரும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. வரிசையைக் காக்க காஃப்கா ஒரு வாக்குறுதி தருகிறது. அந்த வாக்குறுதி எதுவரை செல்லும் என்பதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், மளிகைக் கடையில் நடந்தது போன்ற குளறுபடி என்றாவது ஒருநாள் வந்தே தீரும்.

காஃப்காவின் அடிப்படை, ஒரு கணக்குப் பேரேடு போன்றது. வருகிற ஒவ்வொரு நிகழ்வும் கடைசி வரியாக எழுதப்படும். நடுவில் செருக முடியாது, எழுதியதைத் திருத்தவும் முடியாது. ஒவ்வொரு வரிக்கும் 0, 1, 2 என்று ஏறுமுகமாக ஓர் எண் உண்டு. அதற்கு ஆஃப்செட் என்று பெயர். படிக்கும் நிரல், எந்த எண் வரை படித்து முடித்தோம் என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு மேலே போகும். படித்துவிட்டதால் வரி அழிந்துவிடாது. நாம் மாற்றாத வரையில் ஏழு நாள்கள் அங்கேயே இருக்கும்.

ஒரே பேரேடு என்றால் சிக்கலே இல்லை. ஆனால் நொடிக்கு ஆயிரக்கணக்கில் நிகழ்வுகள் வரும்போது ஒரே பேரேட்டை ஒரே ஆள் படித்துக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு வகை நிகழ்வுகளுக்கான தொகுதியை, அதாவது டாபிக்கை, காஃப்கா பல பேரேடுகளாகப் பிரித்து வைக்கிறது. அந்த ஒவ்வொன்றும் ஒரு பார்ட்டிஷன். வரிசை பற்றிய வாக்குறுதி ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் செல்லும். மூன்றாம் பார்ட்டிஷனில் 40ஆம் வரியும் ஐந்தாம் பார்ட்டிஷனில் 41ஆம் வரியும் இருந்தால், எது முதலில் படிக்கப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவற்றைப் படிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவர் வேகமாகவும் மற்றவர் மெதுவாகவும் போய்க்கொண்டிருக்கலாம்.

நிகழ்வில்தான் நேரம் பதிவாகிறதே, படித்த பிறகு நேரப்படி அடுக்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். அடுக்க வேண்டுமானால் பிந்தி வரக்கூடியவற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்கு விடை கிடையாது. தவிர, வெவ்வேறு சர்வர்களின் கடிகாரங்கள் மில்லி நொடிக் கணக்கில் முன்பின்னாக ஓடும். அடுத்தடுத்து வரும் இரண்டு பரிவர்த்தனைகளைத் தலைகீழாக்க அந்த வித்தியாசமே போதும்.

ஆகவே, ஒரு வாடிக்கையாளரின் எல்லா நிகழ்வுகளும் ஒரே பார்ட்டிஷனில் விழ வேண்டும். அதை முடிவு செய்வது, நிகழ்வோடு நாம் அனுப்பும் 'கீ' என்கிற சிறு அடையாளம். ஜாவாவில் எழுதினால் இப்படி இருக்கும்:

```java
producer.send(new ProducerRecord<>(
    "wallet-events", customerId, event));
```

நடுவில் இருக்கும் `customerId`தான் கீ. காஃப்காவின் ஜாவா நிரல் அந்தக் கீயின் பைட்டுகளை மர்மர்2 என்ற ஹாஷ் கணக்கில் போட்டு ஒரு பெரிய எண்ணாக மாற்றும். பிறகு அதைப் பார்ட்டிஷன்களின் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளும். மீதி 3 என்றால் மூன்றாம் பார்ட்டிஷன். கீ மாறாத வரை, எண்ணிக்கை மாறாத வரை, விடையும் மாறாது.

கீ இல்லாமல் அனுப்பினால் காஃப்கா தன் வசதிக்கு ஏற்றபடி ஒரு பார்ட்டிஷனில் கொஞ்ச நேரம் சேர்த்துப் போட்டு, பிறகு வேறொன்றுக்கு மாறிக்கொள்ளும். நம் மளிகைக் கடைக் குளறுபடிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். பணம் ஏற்றிய நிகழ்வு இரண்டாம் பார்ட்டிஷனில் முந்நூறு வரிகளுக்குப் பின்னால் காத்திருந்தது. பணம் செலுத்திய நிகழ்வு காலியாக இருந்த ஐந்தாம் பார்ட்டிஷனில் விழுந்து உடனே படிக்கப்பட்டது. சோதனைக் கணினியில் இது தெரியவே தெரியாது. புரோக்கர் தானாக உருவாக்கும் டாபிக்குக்கு, நாம் வேறு எண் தராவிட்டால், ஒரே ஒரு பார்ட்டிஷன்தான் இருக்கும். ஒன்றே ஒன்று இருக்கும்போது எல்லாமே வரிசையாகத்தான் வரும்.

எதைக் கீயாக வைப்பது என்பதே இந்த வேலையில் மிக முக்கியமான முடிவு என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் எண் என்பது சட்டென்று தோன்றும் விடை. பெரும்பாலும் சரியான விடையும்கூட. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி சற்று வேறு: எந்த இருப்பை, எந்த வரம்பை நாம் காக்கிறோம்? ஒருவருக்குப் பணக் கணக்கு ஒன்றும் உணவுக் கூப்பன் கணக்கு ஒன்றும் இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டும் தனித்தனி இருப்பு மட்டுமே என்றால் கணக்கு எண்ணையே கீயாக வைக்கலாம். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வரம்பு இருந்தால், அந்த வரம்பு ஆளுக்கு உரியது. வாடிக்கையாளர் எண்தான் கீயாக வேண்டும். பரிவர்த்தனை எண்ணைக் கீயாக வைத்தால், கீ இருந்தும் பயன் இல்லை. ஏற்றியதற்கு ஓர் எண், செலுத்தியதற்கு வேறோர் எண் என்பதால் இரண்டும் இரண்டு பார்ட்டிஷனுக்குப் போகும்.

ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்புவது இதில் கடினமான இடம். அந்த நிகழ்வு இரண்டு பேருக்கும் சொந்தம், ஆனால் ஒரு நிகழ்வுக்கு ஒரு கீதான் வைக்க முடியும். அதை இரண்டாகப் பிரிப்பதே தெளிவான வழி. அனுப்புபவரின் கீயோடு பற்று நிகழ்வு முதலில் போகும். அது வெற்றிகரமாகக் கழிந்த பிறகே, பெறுபவரின் கீயோடு வரவு நிகழ்வு எழுதப்படும். ஒன்று முடிந்தபின் மற்றது பிறப்பதால், இரண்டு பார்ட்டிஷன்களுக்கு இடையே காஃப்கா வாக்குறுதி எதுவும் தராவிட்டாலும் வரிசை குலையாது.

கீ ஒன்றாகவே இருந்தும் ஏமாற்றுகிற இடங்கள் உண்டு. ஒரு சேவை `1042` என்றும் இன்னொன்று `01042` என்றும் அனுப்பினால், காஃப்காவுக்கு அவை இரு வேறு ஆட்கள். அது பார்ப்பது பைட்டுகளை மட்டுமே. இதைவிட மறைவான சிக்கல் இன்னொன்று. ஜாவா நிரல் மர்மர்2 கணக்கைப் போடுகிறது. ஆனால் பைத்தான், சி போன்ற மொழிகளில் பலரும் பயன்படுத்தும் `librdkafka` என்ற நிரல்தொகுப்பு, நாம் மாற்றாவிட்டால், சிஆர்சி32 என்ற வேறு கணக்கைப் போடும். பணம் ஏற்றும் சேவை ஜாவாவிலும் பணம் செலுத்தும் சேவை பைத்தானிலும் இருந்தால், ஒரே டாபிக், எழுத்துப் பிசகாமல் ஒரே கீ, ஆனாலும் பார்ட்டிஷன் வேறு. பைத்தான் பக்கத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகும்:

```
partitioner=murmur2_random
```

இரண்டு மொழிகள் கலந்த அணிகளில் நிகழ்வுகள் முன்பின்னாக வருகின்றன என்ற புகார் எழுந்தால், நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஒரே வாடிக்கையாளரின் நிகழ்வுகளைப் பார்ட்டிஷன் எண்ணோடு அச்சிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது, எத்தனை பார்ட்டிஷன் என்ற கேள்வி. நம் பணப்பைக்கு உச்ச நேரத்தில் நொடிக்கு 1,500 நிகழ்வுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிகழ்வைப் படித்துத் தரவுத்தளத்தில் இருப்பை மாற்ற 5 மில்லி நொடி ஆகிறது. அப்படியானால் ஒரு கன்ஸ்யூமர், அதாவது படிக்கும் நிரலின் ஒரு பிரதி, நொடிக்கு 200 நிகழ்வுகளை முடிக்கும். 1,500ஐ 200ஆல் வகுத்தால் ஏழரை. எட்டுப் பிரதிகள் போதும், எட்டுப் பார்ட்டிஷன் போதும் என்று தோன்றும்.

போதாது. ஏதோ காரணத்தால் தரவுத்தளம் ஒரு மணி நேரம் நின்றுபோனதாக வையுங்கள். அதற்குள் 54 லட்சம் நிகழ்வுகள் தேங்கிவிடும். எட்டுப் பிரதிகள் நொடிக்கு 1,600 முடிக்கும். புதிதாக 1,500 வந்துகொண்டே இருக்கும். தேக்கத்தைக் கரைக்க மிஞ்சுவது நொடிக்கு 100தான். அந்தக் கணக்கில் தேக்கம் தீர 15 மணி நேரம் ஆகும். 24 பார்ட்டிஷன் இருந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் 24 பிரதிகளை ஓடவிட்டு, தரவுத்தளம் தாங்குமானால் நொடிக்கு 4,800 வரை முடிக்கலாம். தேக்கம் அரைமணி நேரத்துக்குள் கரைந்துவிடும். அன்றாடத் தேவைக்கு எட்டு போதுமென்றாலும் டாபிக்கை 24ஆக உருவாக்கச் சொல்வது இதனால்தான். 24ஐ 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் வகுக்கலாம் என்பதால் எத்தனை பிரதிகளை ஓட்டினாலும் வேலை பெரும்பாலும் சமமாகப் பிரியும்.

```
kafka-topics.sh --bootstrap-server localhost:9092 \
  --create --topic wallet-events \
  --partitions 24 --replication-factor 3
```

முதலில் குறைவாக வைத்துவிட்டுத் தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாமே என்றால், கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. கூட்டுவதும் வரிசையை உடைக்கும். ஒரு வாடிக்கையாளரின் ஹாஷ் எண் 57 என்று வைத்துக்கொள்வோம். பார்ட்டிஷன் ஆறாக இருந்தபோது 57ஐ ஆறால் வகுத்தால் மீதி 3. எட்டாகக் கூட்டியதும் மீதி 1. அவருடைய பழைய நிகழ்வுகள் மூன்றாம் பார்ட்டிஷனில் படிக்கப்படாமல் கிடக்க, புதிய நிகழ்வு முதலாம் பார்ட்டிஷனில் விழுந்து முந்திக்கொள்ளும். பழைய வரிகளைக் காஃப்கா இடம் மாற்றித் தராது. ஆறிலிருந்து எட்டாக்கினால் முக்கால்வாசி வாடிக்கையாளர்கள் இடம் மாறுவார்கள். பன்னிரண்டாக்கினால்கூடப் பாதிப் பேர் மாறுவார்கள்.

கட்டாயம் கூட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், இருக்கிற டாபிக்கைத் தொடாமல் 48 பார்ட்டிஷன் கொண்ட புதிய டாபிக் ஒன்றை உருவாக்கலாம். எழுதும் சேவைகள் எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும். படிக்கும் நிரல் பழைய டாபிக்கைக் கடைசி வரிவரை முடித்த பிறகே புதியதைத் தொட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. புதிதாக ஒரு டாபிக்கைப் படிக்கத் தொடங்கும் நிரல், நாம் வேறு சொல்லாவிட்டால், அந்தக் கணத்துக்குப் பின் வருவதை மட்டுமே படிக்கும். `auto.offset.reset` என்ற அமைப்பை `earliest` என்று மாற்றாமல் விட்டால், மாற்றத்தின்போது சேர்ந்த நிகழ்வுகள் அத்தனையும் படிக்கப்படாமலே போய்விடும்.

பார்ட்டிஷன் எண்ணிக்கையைக் கூட்டினாலும் தீராத சிக்கல், ஒரே கீயில் கூட்டம் சேர்வது. ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் கணக்கில் நொடிக்கு 300 வரவுகள் வந்தால், அத்தனையும் ஒரே பார்ட்டிஷனில்தான் விழும். அதைப் படிக்கும் பிரதியால் முடிவது 200. தற்செயலாக அதே பார்ட்டிஷனில் இடம்பிடித்த சாதாரண வாடிக்கையாளர்களும் அந்த நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள். இங்கே வரிசை உண்மையிலேயே தேவையா என்று யோசிக்க வேண்டும். வரவுகள் வெறும் கூட்டல். எந்த வரிசையில் கூட்டினாலும் மொத்தம் ஒன்றுதான். வணிகர்களின் வரவை மட்டும் தனி டாபிக்கில், பரிவர்த்தனை எண்ணையே கீயாக வைத்துப் பரப்பிவிடலாம். இருப்பைச் சரிபார்த்துக் கழிக்க வேண்டிய பற்றுக்கு வரிசை தேவை, அதை விடக் கூடாது.

இனி படிக்கும் பக்கம். கன்ஸ்யூமர் குரூப் என்பது, ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யும் பிரதிகளின் குழு. ஒரே `group.id` வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு குழு. ஒரு குழுவுக்குள் ஒரு பார்ட்டிஷனை ஒரு நேரத்தில் ஒருவருக்கே காஃப்கா ஒதுக்கும். வாடிக்கையாளரின் வரிசை காப்பாற்றப்படுவதன் மறுபாதி இதுதான். அவருடைய எல்லாம் ஒரே பேரேட்டில், அந்தப் பேரேட்டுக்கு ஒரே வாசகர். 24 பார்ட்டிஷனுக்கு 30 பிரதிகளை ஓட்டினால் ஆறு பேர் வேலையின்றிச் சும்மா இருப்பார்கள்.

இருப்பைக் கணக்கிடும் சேவைக்கு `balance`, குறுஞ்செய்தி அனுப்பும் சேவைக்கு `sms`, மோசடியைக் கண்காணிக்கும் சேவைக்கு `fraud` என்று தனித்தனிக் குழுப் பெயர் இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு குழுவும் எல்லா நிகழ்வுகளையும் தன் வேகத்தில், தன் குறிப்பேட்டோடு முழுமையாகப் படிக்கும். பழைய சேவையின் அமைப்புக் கோப்பை நகலெடுத்துப் புதிய சேவையைத் தொடங்கும்போது குழுப் பெயரை மாற்ற மறந்தால், இரண்டு சேவைகளும் ஒரே குழுவாகிவிடும். பாதிப் பார்ட்டிஷன் இங்கே, பாதி அங்கே. பாதி வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி வராது, மீதிப் பாதிப் பேரின் இருப்பு மாறாது. பாதிப்பு இப்படி ஏறக்குறைய சரிபாதியாகவும் எப்போதும் அதே ஆட்களுக்காகவும் இருந்தால், குழுப் பெயரைப் போய்ப் பாருங்கள்.

ஒரு பார்ட்டிஷனுக்கு ஒரே வாசகர் என்ற விதியில் ஓர் ஓட்டை உண்டு. கன்ஸ்யூமர் ஒரு தடவை கேட்கும்போது அதிகபட்சம் 500 நிகழ்வுகளை அள்ளிக்கொள்ளும். அடுத்த தடவை கேட்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால், அது குழுவிலிருந்து விலகியதாகக் கருதப்பட்டு, அதன் பார்ட்டிஷன்கள் மற்றவர்களுக்குக் கைமாறும். இந்த மறுபங்கீட்டுக்கு ரீபேலன்ஸ் என்று பெயர். வழக்கமாக 500 நிகழ்வுகளை முடிக்க இரண்டரை நொடி போதும். ஆனால் தரவுத்தளம் திணறி ஒரு நிகழ்வுக்கு ஒரு நொடி ஆகிறது என்றால் 500 நொடி. ஐந்து நிமிடம் என்பது 300 நொடிதான். புதிய வாசகர், கடைசியாகக் குறித்துவைத்த எண்ணிலிருந்து தொடங்குகிறார். பழையவரோ, தான் வெளியேற்றப்பட்டது தெரியாமல், கையில் இருக்கும் மிச்சத்தைச் செய்துகொண்டே இருக்கிறார். இப்போது ஒரே வாடிக்கையாளரின் கணக்கில் இரண்டு பேர் எழுதுகிறார்கள். பழையவரின் பதிவேட்டில் `CommitFailedException` என்ற வரி வந்திருந்தால், நடந்தது இதுதான். `max.poll.records` என்பதை 50 ஆகக் குறைத்தால், ஒரு நொடி ஆகும் மோசமான வேளையிலும் 50 நொடிக்குள் அடுத்த கேள்வி போய்விடும்.

படிக்கும் நிரலுக்குள்ளும் வரிசை உடையும். வேகம் வேண்டும் என்று, அள்ளிய 500 நிகழ்வுகளைப் பத்துத் த்ரெட்டுகளிடம் கிடைத்தபடி கொடுத்துவிட்டால், காஃப்கா அதுவரை காத்துத் தந்த வரிசை அந்த இடத்தில் முடிந்துபோகிறது. த்ரெட் தேவையென்றால், வாடிக்கையாளர் எண்ணின் ஹாஷை வைத்து ஒரு வாடிக்கையாளர் எப்போதும் ஒரே த்ரெட்டுக்குப் போகும்படி பிரிக்க வேண்டும். முன்னுள்ள எல்லாம் முடிந்த பிறகே ஆஃப்செட்டைக் குறிக்க வேண்டும்.

தோல்வியைக் கையாளும் விதத்திலும் இதே ஆபத்து. ஒரு நிகழ்வைச் செயல்படுத்த முடியாவிட்டால் அதை மறுமுயற்சிக்கான தனி டாபிக்கில் போட்டுவிட்டு மேலே போவது பரவலான பழக்கம். குறுஞ்செய்தி அனுப்ப அது சரி. நம் பணப்பைக்கு அது நஞ்சு. பணம் ஏற்றிய நிகழ்வு மறுமுயற்சிக்குப் போய்விட, அடுத்து வரும் செலுத்தும் நிகழ்வு அதைத் தாண்டிவிடும். தோல்விகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தரவுத்தளமே எட்டவில்லை என்றால் அடுத்த நிகழ்வும் தோற்கத்தான் போகிறது. அங்கேயே நின்று, `pause()` செய்துவிட்டு, வெளியேற்றப்படாமல் இருக்க `poll()` மட்டும் தொடர்ந்து அழைத்துக்கொண்டு காத்திருப்பதே சரி. அந்த ஒரு நிகழ்வில் மட்டும் கோளாறு என்றால், அதற்காகப் பார்ட்டிஷனில் உள்ள எல்லாரையும் நிறுத்திவைக்க முடியாது. அந்த வாடிக்கையாளரின் எண்ணை 'நிறுத்திவைக்கப்பட்டவர்' என்று ஓர் அட்டவணையில் எழுதி, அந்த நிகழ்வையும் அதன் பின் அவருக்கு வரும் எல்லா நிகழ்வுகளையும் வந்த வரிசையிலேயே தனியே சேர்த்துவைக்கலாம். கோளாறு சரியானதும் அவற்றை முதலிலிருந்து ஓட்டலாம். கூடுதல் வேலைதான். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

எழுதும் பக்கத்தில் கவலை குறைவு. ஒரு நிகழ்வைப் பதிவதில் தடங்கல் ஏற்பட்டு மறுபடி அனுப்பும்போது, பின்னால் வந்தது முந்திவிடும் ஆபத்து முன்பு இருந்தது. ஜாவா நிரலில் `enable.idempotence` என்ற பாதுகாப்பு காஃப்கா 3.0 முதல் இயல்பாகவே இயங்குகிறது. பழைய அமைப்புக் கோப்பில் யாராவது அதை `false` என்று எழுதிவைத்திருக்கிறார்களா, அதோடு முரண்படும் வேறு அமைப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் காஃப்கா காப்பது தன்னிடம் வந்து சேர்ந்த வரிசையைத்தான். ஒரே வாடிக்கையாளரின் இரண்டு கோரிக்கைகளை இரண்டு சர்வர்கள் வாங்கி, பிந்தியதை வாங்கிய சர்வர் முந்திக்கொண்டு எழுதினால், காஃப்காவால் அதை அறிய முடியாது.

இதற்கும், மேலே சொன்ன இரட்டை வாசகர் சிக்கலுக்கும் சேர்த்து ஒரு காவல் உண்டு. கோரிக்கையை வாங்கும்போதே, வாடிக்கையாளர்வாரியாக 1, 2, 3 என்று ஒரு வரிசை எண்ணைத் தரவுத்தளத்தில் ஒதுக்கி நிகழ்வோடு அனுப்ப வேண்டும். இருப்பை மாற்றும் இடத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும். எட்டாம் எண் நிகழ்வு பணம் ஏற்றுவது என்றால்:

```sql
UPDATE wallet
SET balance = balance + 500, last_seq = 8
WHERE customer_id = 'C1042' AND last_seq = 7;
```

ஒரு வரி மாறியது என்றால் எல்லாம் சரி. ஒன்றுமே மாறவில்லை என்றால் `last_seq` என்ன என்று பார்க்க வேண்டும். அது 8 அல்லது அதற்கு மேல் இருந்தால், இது ஏற்கெனவே செய்து முடித்த நிகழ்வு. ரீபேலன்ஸ் நடக்கும்போது இப்படி இரண்டாம் தடவை வருவது சாதாரணம், அமைதியாகக் கடந்துவிடலாம். அது 6 என்று இருந்தால் ஏழாம் நிகழ்வு இன்னும் வரவில்லை. அந்த வாடிக்கையாளரை நிறுத்திவைத்து, எச்சரிக்கை மணியை அடிக்க வேண்டும். பணம் செலுத்தும் நிகழ்வு முந்தி வந்தாலும், 'போதிய இருப்பு இல்லை' என்று தவறாக மறுக்காமல், ஏற்றும் நிகழ்வுக்காக அது காத்திருக்கும். இந்த எச்சரிக்கைகளை எண்ணிவைத்தால், கீ தவறா, `partitioner` தவறா, எழுதும் சர்வர்களின் போட்டியா என்று தேடத் தொடங்குவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

அன்றாடக் கண்காணிப்புக்கு ஒரு கட்டளை இருக்கிறது:

```
kafka-consumer-groups.sh --bootstrap-server localhost:9092 \
  --describe --group balance
```

ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு வரி வரும். கடைசியாக எழுதப்பட்ட எண், படித்து முடித்த எண், இரண்டுக்கும் உள்ள இடைவெளியான `LAG`, அதைப் படிப்பவரின் அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். 24 வரிகளிலும் `LAG` ஒன்றுபோல ஏறினால் பிரதிகள் போதவில்லை, அல்லது தரவுத்தளம் மெதுவாகிவிட்டது. ஒரே ஒரு பார்ட்டிஷனில் மட்டும் ஏறினால், எந்தக் கீயிலோ கூட்டம் சேர்ந்திருக்கிறது, அல்லது ஒரு நிகழ்வு வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. படித்து முடித்த எண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது என்றால் முதலாவது. அசையாமல் அப்படியே நிற்கிறது என்றால் இரண்டாவது. அந்த எண்ணில் இருக்கும் நிகழ்வை எடுத்துப் படித்தால், யாருடைய கணக்கில் என்ன கோளாறு என்பது தெரிந்துவிடும்.